முழு கெல்லி, அரை கெல்லி, கால் கெல்லி: கிரிப்டோவில் எது தாங்கும்?

ஒரு டிரேடில் எவ்வளவு பணத்தைப் பணயம் வைப்பது என்ற கேள்விக்கு 1956-இல் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி ஒரு விடை கொடுத்தார். நீண்டகாலத்தில் பணம் அதிவேகமாக வளர வேண்டுமானால் கையிருப்பில் இத்தனை பங்கை வை என்று சொல்லும் சூத்திரம் அது:

```
f = p - (1 - p) / b
```

`p` என்பது ஜெயிக்கும் வாய்ப்பு. `b` என்பது தோற்றால் போகும் ஒரு ரூபாய்க்கு, ஜெயித்தால் எத்தனை ரூபாய் வரும் என்ற விகிதம். `f` பணயம் வைக்க வேண்டிய பங்கு. விடை பூஜ்யத்துக்குக் கீழே வந்தால் அந்த டிரேடைத் தொடாதே என்று பொருள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் கையில் 60 டிரேடுகளின் பதிவு இருக்கிறது. 27-இல் லாபம், அதாவது 45%. ஸ்டாப் லாஸ் 5% தூரத்தில், இலக்கு 10% தூரத்தில். எனவே `b` = 2. சூத்திரத்தில் போட்டால் 0.45 − 0.55/2 = 0.175. ஒவ்வொரு டிரேடிலும் 17.5% பணயம் வைக்கலாம் என்கிறது கெல்லி. இதுதான் முழு கெல்லி. அதில் பாதியான 8.75% அரை கெல்லி, 4.375% கால் கெல்லி.

மூன்றையும் 100 டிரேடு ஓட்டிப் பார்க்கலாம். முதல் எண் நெடுவரிசை, வெற்றி உண்மையிலேயே 45 ஆக இருந்தால். இரண்டாவது, 38 மட்டுமே இருந்தால்.

| | 45 வெற்றி | 38 வெற்றி | தொடர்ந்து 6 தோல்வி |
|---|---|---|---|
| முழு | 18.6 மடங்கு | 0.59 மடங்கு | 68% போச்சு |
| அரை | 9.2 மடங்கு | 1.57 மடங்கு | 42% போச்சு |
| கால் | 3.7 மடங்கு | 1.51 மடங்கு | 24% போச்சு |

முதல் நெடுவரிசையை மட்டும் பார்ப்பவர் முழு கெல்லியைத்தான் எடுப்பார். எனக்கு இந்த அட்டவணையில் முக்கியம் இரண்டாவது நெடுவரிசை. 38% வெற்றியிலும் இந்த முறைக்கு எட்ஜ் இருக்கிறது. ஒவ்வொரு டிரேடிலும் பணயத்தில் சராசரியாக 14% லாபம் வர வேண்டும். அப்படி இருந்தும் முழு கெல்லிக்காரர் பணத்தில் நாற்பது சதவீதத்தை இழக்கிறார். 38%-க்கு உரிய சரியான பங்கு 7%தான். அவர் வைத்ததோ அதைப்போல இரண்டரை மடங்கு. சரியான அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வைத்தாலே வளர்ச்சி பூஜ்யமாகிவிடும். அதற்கும் மேலே போனால், நல்ல முறையை வைத்துக்கொண்டே கரைய வேண்டியதுதான்.

சரி, 45% எப்படி 38% ஆகும்? 60 டிரேடு என்பது சின்ன மாதிரி. 45%-இன் திட்டப்பிழை, அதாவது தற்செயலால் வழக்கமாக ஏறி இறங்கும் அளவு, 6.4 சதவீதப் புள்ளி. உண்மை 38.6% ஆக இருந்து, நம் நல்ல நேரம் 45% காட்டியது என்பது அபூர்வமே இல்லை. பின்னோக்கிச் சோதித்து, பல விதிகளில் நன்றாக வந்ததைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்.

இதுவரை சொன்னது எந்தச் சந்தைக்கும் பொருந்தும். கிரிப்டோவில் `b`-யும் நம்மை ஏமாற்றும். சூத்திரம், தோற்றால் போவது நாம் தீர்மானித்த தொகை மட்டுமே என்று எடுத்துக்கொள்கிறது. சூதாட்ட மேசையில் அது உண்மை. கிரிப்டோவில் ஸ்டாப் லாஸ் ஒரு வேண்டுகோள் மாதிரிதான். வேகமாக விழும்போது ஆர்டர் புத்தகம் காலியாகி, 5%-இல் விற்க வேண்டியது 7%-இலோ 9%-இலோ விற்கும். நஷ்டங்களின் சராசரி 5%-க்குப் பதில் 6.25% ஆனது என்று வையுங்கள். `b` 2-இலிருந்து 1.6 ஆகும். வெற்றி 45%-இலேயே நின்றாலும், சூத்திரத்தின் விடை 10.6%தான், அதுவும் 6.25% நஷ்டத்துக்கு. எனவே 5% ஸ்டாப் தூரத்தை வைத்துத் திட்டமிட வேண்டிய பணயம் 17.5%-இலிருந்து 8.5%-க்கு இறங்கிவிடும். அதாவது, முழு கெல்லி என்று நினைத்து வைத்தது உண்மையில் இரட்டைக் கெல்லி, வளர்ச்சி பூஜ்யம். அரை கெல்லிக்காரரோ, தெரியாமலே சரியான இடத்தில் நிற்கிறார்.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: 17.5% என்பது பணயத் தொகை, பொசிஷனின் அளவு அல்ல. கணக்கில் 10,000 டாலர் இருந்தால் பணயம் 1,750 டாலர். ஸ்டாப் 5% தூரத்தில் என்றால் பொசிஷன் 35,000 டாலர், அதாவது மூன்றரை மடங்கு லிவரேஜ். ஸ்டாப் வேலை செய்யாமல் விலை 28-29% விழுந்தால் கணக்கே காலி. எக்ஸ்சேஞ்ச் அதற்கு முன்பே லிக்விடேட் செய்துவிடும். 2020 மார்ச் 12-இல் 7,900 டாலர் அளவில் இருந்த பிட்காயின், மறுநாளே 4,000-க்குக் கீழே போனது. அது ஒரே குதியில் விழவில்லை. பலரின் ஸ்டாப் வழியில் எங்காவது நிறைவேறியிருக்கும். ஆனால் எங்கே என்பது அவர்கள் கையில் இல்லை. அரை கெல்லியில் பொசிஷன் 17,500. அதற்கும் கடன் வேண்டும். கால் கெல்லியில் 8,750. கைப்பணத்துக்குள் அடங்குகிறது, லிக்விடேஷன் என்ற பேச்சே இல்லை. அரையைவிடக் காலை நான் விரும்புவதற்கு வளர்ச்சிக் கணக்கைவிட இதுதான் பெரிய காரணம்.

ஒரே நேரத்தில் நான்கு நாணயங்களில் தலா ஒரு கால் கெல்லி வைப்பவர், காலில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். சந்தை சரியும் நாளில் நான்கும் சேர்ந்தே விழும். அன்று அது ஏறக்குறைய ஒரே முழு கெல்லி பொசிஷன்.

எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தாலும் முழு கெல்லி மனிதரால் தாங்கக்கூடியதுதானா? சிறுசிறு பணயங்களாகக் கொண்டு போட்ட கணக்கின்படி, பணம் என்றாவது ஒருநாள் தொடங்கிய தொகையில் பாதிக்கு இறங்கும் வாய்ப்பு முழு கெல்லியில் 2-க்கு 1. அரையில் 8-க்கு 1, காலில் 128-க்கு 1. வளர்ச்சி வேகத்தில் அரை கெல்லி இழப்பது கால்வாசிதான். கால் கெல்லி பாதிக்கு மேல் இழக்கிறது. இந்த இழப்பு உண்மையானதே, அதை மறைக்க வேண்டியதில்லை.

கால் கெல்லியும் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றாது. மேலே சொன்ன இரண்டு பிழைகளும் ஒன்றாக வந்தால், அதாவது வெற்றி 38.6%, `b` 1.6 என்றால், சூத்திரத்தின் விடை ஏறக்குறைய பூஜ்யம். அப்போது 4.375% கூட அதிகம்தான்.

அதனால் 60 டிரேடு பதிவு மட்டும் உள்ளவர் எந்தக் கெல்லிக்கும் போகாமல் 1% வைத்து ஓட்டட்டும் என்பேன். 200 டிரேடு ஆனால் திட்டப்பிழை 3.5 புள்ளிக்கு இறங்கும். அப்போது, ஸ்டாப் போட்ட விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்ற விலையிலிருந்து, கட்டணத்தையும் கழித்து `b`-யைக் கணக்கிட வேண்டும்; `p`-யில் ஒரு திட்டப்பிழையைக் குறைத்துப் போட வேண்டும். வரும் விடையில் கால் பங்கு. அந்த விடை எதிர்மறையாக வந்தால் 1%-ஐயும் நிறுத்திவிட்டு, டிரேடு முறையைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.