மேற்கணக்கும் கீழ்க்கணக்கும்: தேர்வுக்கு ஓர் ஒப்பீடு

தமிழ் இலக்கியக் காலவரிசையில் பலரும் குழம்புவது முதல் இரண்டு காலங்களில்தான்.

| | சங்க காலம் | சங்கம் மருவிய காலம் |
|---|---|---|
| தோராய நூற்றாண்டு | கி.மு. 3 – கி.பி. 3 | கி.பி. 3 – 6 |
| தொகுப்பு | பதினெண் மேற்கணக்கு: எட்டுத்தொகை, பத்துப்பாட்டு | பதினெண் கீழ்க்கணக்கு |
| பொருள் | அகம், புறம் | அறம் மிகுதி |
| பா | பெரும்பாலும் ஆசிரியப்பா | பெரும்பாலும் வெண்பா |

நூற்றாண்டு எல்லைகள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். பாவகையும் பாடுபொருளும்தான் உறுதியான பிடி. ஆனால் 'கீழ்க்கணக்கு என்றால் அறநூல்' என்று மூடிவிடாதீர்கள். பதினெட்டில் அறம் 11, அகம் 6, புறம் 1. அந்த ஒன்று பொய்கையாரின் களவழி நாற்பது.

ஐங்குறுநூறும் ஐந்திணை ஐம்பதும் பெயரால் ஏமாற்றும் ஜோடி. இரண்டுமே ஐந்து திணைகளையும் பாடும் அகநூல்கள். முன்னது 3 முதல் 6 அடி கொண்ட ஆசிரியப்பாக்கள். திணைக்கு நூறாக ஐந்து புலவர்கள் பாடியது. குறிஞ்சி கபிலருடையது, நெய்தல் அம்மூவனாருடையது. பின்னது மாறன் பொறையனார் என்ற ஒரே புலவர், திணைக்குப் பத்தாகப் பாடிய வெண்பாக்கள். ஆகவே 'எண்ணிக்கை சிறியது, ஆசிரியர் ஒருவர், வெண்பா' என்று சேர்ந்து வந்தால் கை கீழ்க்கணக்குப் பக்கம் போகட்டும்.

நடையும் காட்டிக்கொடுக்கும். சங்க அகப்பாடல் கருப்பொருளைக் காட்டி, சொல்ல வந்ததை உள்ளுறையாக மறைக்கும். இன்னா நாற்பதோ ஒவ்வொரு வெண்பாவிலும் துன்பம் தருபவை நான்கை நேராகவே சொல்லிவிடும். அதன் ஆசிரியர் பெயரும் கபிலர்தான். குறிஞ்சிக் கபிலரோடு சேர்த்துவிட்டால் மதிப்பெண் போச்சு.