“விதிகளுக்கு உரிமை இல்லை” என்ற பாதி உண்மையை நம்பி விளையாட்டு வாங்காதீர்கள்

கட்டைகள் மேலிருந்து விழும் கைப்பேசி விளையாட்டு ஒன்றை எனக்காகச் செய்து தருவதாகச் சொன்ன ஒரு ஸ்டூடியோவிடம் 60,000 ரூபாய் கொடுத்தேன். ‘கோலட்ரிஸ்’ என்ற பெயரையும் அவர்களே சூட்டினார்கள். டெட்ரிஸ் உரிமையாளர்கள் வழக்குப் போட மாட்டார்களா என்று கேட்டதற்கு, “சார், விளையாட்டு விதிகளுக்குப் பதிப்புரிமை கிடையாது” என்றார்கள். ஐந்தாம் வாரம் புகார் வந்தது. பிளே ஸ்டோர் விளையாட்டை நீக்கிவிட்டது.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. டெட்ரிஸ் உரிமையாளர்கள் தொடுத்து, 2012இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி நீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கில், ‘மினோ’ என்ற விளையாட்டைச் செய்த நிறுவனமும் இதே வாதத்தைத்தான் முன்வைத்தது. வரிசை நிரம்பினால் மறையும் என்பது யாருக்கும் சொந்தமில்லாத விதி என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் 10 கட்ட அகலமும் 20 கட்ட உயரமும் கொண்ட பலகை, கட்டைகளின் வடிவமும் நிறமும், கட்டை எங்கே விழும் என்பதைக் காட்டும் நிழல், அடுத்த கட்டையை முன்கூட்டிக் காட்டும் முறை ஆகியவற்றை விதி கட்டாயப்படுத்தவில்லை. அவை வேறுவிதமாகவும் அமைந்திருக்கலாம் என்பதால், அந்தத் தோற்றத்தை எடுத்தாண்டது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தார். என் விளையாட்டு நீக்கப்பட்ட பிறகுதான் அதன் பலகையை எண்ணிப் பார்த்தேன்: குறுக்கே 10, நெடுக்கே 20. நிழலும் இருந்தது.

டெட்ரிஸைப் போலவே ‘ட்ரிஸ்’ என்று முடியும் பெயரால் வந்த சிக்கல் இதைவிடப் பெரியது. பதிப்புரிமைப் புகாருக்கு அமெரிக்கச் சட்டப்படி அதை மறுத்து எதிர் அறிவிப்பு அனுப்ப வழியுண்டு. வணிகக்குறிப் புகாருக்கு அப்படியொரு வழி இல்லை, புகார் கொடுத்தவரிடமே பேசித் தீர்க்க வேண்டும். பெயரை மாற்றிவிடலாம் என்று பார்த்தால், ஸ்டோர் செயலியை அடையாளம் காணும் `com.kolatris.game` என்ற பேக்கேஜ் பெயரை வெளியிட்ட பின் மாற்ற முடியாது. வேறு பெயரில் புதிதாகத்தான் வெளியிட வேண்டும். பழைய மதிப்பீடுகளும் நிறுவியவர்களும் கூட வரமாட்டார்கள்.

பணம் கொடுக்குமுன் நான் செய்திருக்க வேண்டிய வேலை அரை மணி நேரத்துக்குரியது. இந்திய வணிகக்குறிப் பதிவகத்தின் தேடல் பக்கத்தில், மென்பொருளுக்கான 9ஆம் வகுப்பிலும் பொழுதுபோக்குச் சேவைக்கான 41ஆம் வகுப்பிலும், எழுத்துப் பொருத்தத்தோடு நிறுத்தாமல் ஒலி ஒப்புமைத் தேடலையும் செய்து பார்க்க வேண்டும். ‘ட்ரிஸ்’ என்ற வால் அதில் அகப்படலாம். வெளிநாட்டில் வெளியிடுவதானால் அந்நாட்டுப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். பிறகு, ஸ்டூடியோ காட்டும் படங்களை ஸ்டோரில் உள்ள மற்ற விளையாட்டுகளோடு ஒப்பிட வேண்டும். நான் ஒப்பிட்டபோது, அதே பலகை, அதே பொத்தான்களுடன் நான்கு விளையாட்டுகள் கிடைத்தன. எனக்கென்று செய்ததாகச் சொன்னது, நிறம் மாற்றிய ஒரு டெம்ப்ளேட்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, உரிமைக் கோரிக்கைகளுக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்ற ஒப்பந்த வரியைக் காட்டினார்கள். அது எட்டாம் பக்கத்தில் இருந்தது, கையெழுத்துப் போட்டது நான்தான். அந்த டெம்ப்ளேட் இன்னும் விற்பனையில் இருக்கிறது.