தலைப்பு மட்டும் தெரிந்த பாட்டு: பாடியவரை எங்கே தேடுவது?

நாவலில் ஒரு பாட்டின் வரிகளைப் போட வேண்டுமென்றால் உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும், பெரும்பாலும் பணமும் கட்ட வேண்டும். தலைப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் பல எழுத்தாளர்கள் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பாடியது யார் என்று தேடும் வேலை நம் தலையில்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். 1985 அக்டோபர், லண்டன். கடை வானொலியில் "The Power of Love" ஓடுகிறது. கதாநாயகி சில்லறையை எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். அவ்வளவுதான்.

பலரும் முதலில் செய்வது தலைப்பை அப்படியே கூகுளில் போடுவது. வேகமான வழி, ஆனால் இங்கே மோசமான வழி. தேடுபொறி காட்டுவது இன்று பிரபலமான பதிவை. செலின் டியான் பாடியது கண்ணில் பட்டால் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். அது வந்ததோ 1993இல். காட்சி நடக்கும் ஆண்டுக்குப் பிறகு வந்த பாட்டு அந்தக் கடையில் ஒலித்திருக்க முடியாது.

அடுத்தது secondhandsongs.com. எது மூலம், எது மறுபாடல் என்று பிரித்துக் காட்டும் தளம். டியான் பாடியது ஜெனிஃபர் ரஷ் 1984இல் வெளியிட்ட பாட்டின் மறுபதிவு என்பது இங்கே தெரிந்துவிடும். சரி, ரஷ்தான் என்று முடித்துவிடலாமா? கூடாது. ஒரே தலைப்பில் வேறு வேறு பாட்டுகள் இருக்கலாம். ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவுக்கு 1984 முடிவில் இதே தலைப்பில் ஒரு பாட்டு உண்டு. ஹூயி லூயிஸ் குழுவுக்கு 1985இல் இன்னொன்று, "பேக் டு த ஃபியூச்சர்" படத்துக்காக. மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க என் ஓட்டு வாராந்தர விற்பனைப் பட்டியலுக்கு. பிரிட்டனுக்கு officialcharts.com, தேதியைக் கொடுத்தால் அந்த வாரப் பட்டியல் அப்படியே வரும். ஃபிராங்கி குழு முதலிடத்தில் இருந்தது 1984 டிசம்பரில், அதனால் இந்தக் காட்சிக்குப் பொருத்தம் குறைவு. 1985 அக்டோபரில் முதலிடம் ரஷ்ஷுக்கு. ஆனால் லூயிஸ் குழுவின் பாட்டும் அந்த இலையுதிர் காலத்தில் அதே பட்டியலில் இருந்தது. இனி புத்தகத்துக்கே திரும்ப வேண்டும். அடுத்த பத்தியில் "அவள் குரல்" என்றோ மெதுவான பாட்டு என்றோ ஒரு சொல் இருந்தால் ரஷ். கித்தாரும் துள்ளலும் வந்தால் லூயிஸ். இரண்டும் இல்லையென்றால் "பெரும்பாலும் ரஷ்" என்பதற்கு மேல் சொல்ல முடியாது.

பட்டியலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஹிட்டாகாத பாட்டு அதில் இருக்காது. பாத்திரம் அப்பாவின் பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டாலும் அந்த வாரப் பட்டியல் உதவாது. அப்போது மறுபாடல் தளத்துக்குப் போய், காட்சிக்கு முன்பே வெளியான பதிவுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டியதுதான்.