ஒட்டிய பின்னலா, முடைந்த பின்னலா?

புகைப்படத்தைத் திருத்தி, அதிலுள்ள விரித்த கூந்தலை ஒற்றைப் பின்னலாக்க இரண்டு வழிகள். வேறு படத்திலிருந்து பின்னலை வெட்டி ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் முகத்தில் ஒளி இடப்பக்கம் விழ, பின்னல் வலப்பக்கம் மின்னினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதே கூந்தலின் ஒரு கற்றையை நகலெடுத்து, இலை வடிவில் வளைத்து, இடவலமாகத் திருப்பித் திருப்பி அடுக்குவது மெதுவான வேலை. நிறம் தானாகப் பொருந்தும். திருப்பிய கற்றைகளில் மட்டும் பளபளப்பை அழித்து மறுபடி தீட்ட வேண்டும். என் ஓட்டு இதற்கே.

எந்த வழியானாலும், முடி மறைத்திருந்த தோளை முதலில் வரைந்தாக வேண்டும். வகிட்டிலிருந்து இழைகள் பின்கழுத்தை நோக்கி இழுபட வேண்டும்; பழையபடி தொங்கினால் பின்னல் வெறும் சவுரிதான். ரப்பர் பேண்டுக்கு மேலே முடி குறுகி, கீழே குஞ்சமாய் விரியட்டும்.