94 மதிப்பெண் வாங்கிய சாட்பாட்டை நம்பி மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

நானும் என் அக்காவும் இணையத்தில் சேலை விற்கிறோம். வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு சாட்பாட் செய்து தரும்படி ஒரு நிறுவனத்திடம் 1,20,000 ரூபாய்க்குப் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தோம். சோதனையில் தேறிய பிறகு மீதியைத் தருவதாக ஒப்பந்தம். அவர்கள் 50 கேள்விகள் கொண்ட அட்டவணை ஒன்றை அனுப்பினார்கள். அதில் 47 பதில்கள் சரி, அதாவது 94 சதவீதம் என்றிருந்தது. அந்த எண்ணைப் பார்த்து அன்றே மீதிப் பணத்தையும் அனுப்பியது எங்கள் தவறு.

சாட்பாட் வேலைக்கு வந்த இரண்டாம் நாள், ஒரு பெண்மணி முதல் துவையலிலேயே சாயம் போய்விட்டதாகவும் மாற்றித் தர முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். பொருளைப் பெற்ற 7 நாட்களுக்குள் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம் என்று அது பதில் சொல்லிவிட்டது. துவைத்த சேலையைத் திரும்பப் பெறுவதில்லை என்ற விதி, நாங்கள் கொடுத்த ஆவணத்தில் அடுத்த வரியிலேயே இருக்கிறது. நிறுவனத்திடம் கேட்டபோது, சாட்பாட் சொல்வதற்கெல்லாம் யாரும் பொறுப்பேற்க முடியாது என்றார்கள். ஏறக்குறைய இதே வாதத்தை ஏர் கனடா விமான நிறுவனமும் முன்வைத்தது என்பதையும், தன் சாட்பாட் தந்த தவறான தகவலுக்கு அந்த நிறுவனமே பொறுப்பு என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் முடிவு செய்ததையும் பிறகுதான் அறிந்தேன். நாங்கள் அந்தச் சேலையை மாற்றிக் கொடுத்தோம்.

அதன் பிறகே அவர்களுடைய அட்டவணையையும் எங்கள் ஆவணத்தையும் அருகருகே வைத்துப் படித்தேன். "பொருளைப் பெற்ற 7 நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம்" என்று ஆவணத்தில் இருந்தால், "பொருளைப் பெற்ற எத்தனை நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம்?" என்பது அவர்களுடைய கேள்வி. ஐம்பதும் இப்படியே ஆவணத்தின் வாக்கியங்களைத் திருப்பிப் போட்டுச் செய்தவை. மதிப்பெண் இட்டதும் மனிதர் அல்லர். கேள்வியையும் பதிலையும் மட்டும் இன்னொரு செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, பதில் கேள்விக்குத் தொடர்புடையதா என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் விதி என்னவென்று அதற்குக் காட்டவே இல்லை. சாயம் போன சேலைக்குச் சொன்ன பதிலும் அந்த அளவுகோலில் முழு மதிப்பெண் பெற்றிருக்கும்.

ஆகவே நாங்களே சோதித்தோம். பழைய வாட்ஸ்அப் உரையாடல்களிலிருந்து 60 கேள்விகளை, பெயரையும் எண்ணையும் நீக்கி, எழுத்துப் பிழைகளையும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழையும் திருத்தாமல் அப்படியே எடுத்தோம். அவற்றில் 15 கேள்விகளுக்கு எங்கள் ஆவணத்தில் விடையே இல்லை. அங்கே எங்களிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறுவதே சரியான பதில். சாட்பாட்டிடம் கேட்பதற்கு முன்பே, ஒவ்வொரு கேள்விக்கும் பதிலில் எது இருக்க வேண்டும், எது இருக்கவே கூடாது என்று எழுதி வைத்துக்கொண்டோம். ஒரே கேள்விக்கு அது நேரத்துக்கொரு பதில் தரும் என்பதால், மூன்று முறை கேட்டு மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே ஒரு மதிப்பெண். அக்காவும் நானும் தனித்தனியே திருத்தினோம். 7 இடங்களில் எங்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை. முந்தானையில் குஞ்சம் கட்டிய சேலை பயன்படுத்தியதாகுமா என்பதை நாங்களே முடிவு செய்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்காக நிறுவனத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

அந்த 7 இடங்களையும் நாங்கள் பேசி முடித்த பின் சாட்பாட்டுக்குக் கிடைத்தது 60க்கு 37. விடை இருந்த 45இல் 33 சரி. விடை இல்லாத 15இல் 4 முறைதான் எங்களிடம் தள்ளிவிட்டது. மற்ற 11இல், மலேசியாவுக்கு அனுப்பும் கட்டணம் உட்பட, தானாகவே ஏதோ ஒன்றைக் கற்பனை செய்து சொன்னது.

60 கேள்விகளையும் தரும்படி நிறுவனம் கேட்டது. நல்லவேளையாக, கலைத்துப்போட்டு எடுத்த 30ஐ மட்டும் கொடுத்து, மற்ற 30ஐக் காட்டாமல் வைத்துக்கொண்டோம். ஒரு வாரத்தில் எல்லாம் சரி செய்துவிட்டதாகச் சொன்னார்கள். மீண்டும் சோதித்தபோது, கொடுத்த 30இல் 18 ஆக இருந்தது 29 ஆகியிருந்தது. காட்டாத 30இல் 19 ஆக இருந்தது 20 ஆகியிருந்தது. கேள்விக்கான விடைகளை மட்டும் உள்ளே எழுதி வைத்திருக்கிறார்களே தவிர, சாட்பாட் மாறவில்லை.

இந்த இரண்டு எண்களையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். சோதனையில் தேறியதாக நீங்கள்தானே ஏற்றுக்கொண்டீர்கள் என்பது அவர்களுடைய பதில். ஒப்பந்தத்தில் "சோதனை" என்ற சொல் இருக்கிறது. யாருடைய கேள்விகள், யார் திருத்துவது என்பது எங்கும் இல்லை. சாட்பாட்டை நிறுத்திவிட்டோம், பணம் இன்னும் வரவில்லை.