பெயிண்ட் கணக்கில் ‘ரெண்டு கோட்’டை ரெண்டு தடவை பெருக்குகிறார்கள், கவனம்

ஒரே ஒரு ஹாலுக்கு 25 லிட்டர் எமல்ஷன் என்று பில் வந்த கணக்கு இது. உண்மையில் தேவைப்பட்டது 11 லிட்டர். மேஸ்திரி எழுதிக் கொடுத்த தாளில் கூட்டல் பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை, அதனால்தான் வீட்டுக்காரர்கள் மறுபேச்சுப் பேசாமல் பணம் கொடுத்துவிட்டார்கள். தப்பு வேறு இடத்தில் இருந்தது.

ஹாலின் அளவு 20 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி. நாலு சுவரின் சுற்றளவு 68 அடி, உயரத்தால் பெருக்கினால் 680 சதுர அடி. சீலிங்குக்கு வேறு பெயிண்ட் என்பதால் அது இந்தக் கணக்கில் இல்லை. வாங்கிய பெயிண்ட் டப்பாவில் அச்சடித்திருந்தது: லிட்டருக்கு 60 முதல் 70 சதுர அடி, 2 கோட். தாளில் இருந்தது இது:

680 × 2 = 1360
1360 ÷ 60 = 22.7
சேதாரம் 10% சேர்த்து 25 லிட்டர்

அந்த முதல் வரியைப் பாருங்கள். டப்பாவில் போட்டிருக்கும் 60 சதுர அடி என்பதே இரண்டு கோட்டும் அடித்து முடிக்கும் கணக்கு. ஒரு கோட்டுக்கு மட்டும் என்றால் அதே லிட்டர் ஏறத்தாழ 120 சதுர அடி போகும். பரப்பை 2 ஆல் பெருக்கினால் 120 ஆல் வகுக்க வேண்டும். 60 ஆல் வகுப்பதானால் பரப்பைப் பெருக்கக் கூடாது. பெருக்கிவிட்டு 60 ஆலும் வகுத்தால் நாலு கோட்டுக்கான பெயிண்டுக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

ஒவ்வொரு கம்பெனியும் கவரேஜை ஒவ்வொரு மாதிரி போடும். சில டப்பாக்களில் ஒரு கோட்டுக்கு, சிலவற்றில் இரண்டு கோட்டுக்கு, சிலவற்றில் சதுர மீட்டரில் (1 சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி). எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை கோட் என்று இருப்பதைப் படிக்காமல் அந்த எண்ணைத் தொடவே தொடாதீர்கள்.

இனி கதவு, ஜன்னல். இந்த ஹாலில் 7க்கு 3 அடியில் இரண்டு கதவுகள் (42), கதவில்லாத 7க்கு 4 அடி திறப்பு ஒன்று (28), 5க்கு 4 அடி ஜன்னல் இரண்டு (40). மொத்தம் 110 சதுர அடி கழிய வேண்டும், தாளில் கழிக்கவில்லை. ஆனால் நியாயமாகப் பார்த்தால் முழு 110ஐயும் கழிக்க முடியாது. ஜன்னலைச் சுற்றி உள்ளே மடங்கும் சுவரின் கனத்துக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும். அரை அடி ஆழம், ஜன்னலின் சுற்றளவு 18 அடி என்றால் ஒரு ஜன்னலுக்கு 9 சதுர அடி. இரண்டுக்கும் 18, அந்தத் திறப்பின் மூன்று பக்கத்துக்கும் இன்னொரு 9. கதவுகளின் மரநிலை சுவரோடு ஒட்டி நிற்பதால் அங்கே ஒன்றும் இல்லை. ஆக 680 − 110 + 27 = 597. அடிக்கும் பரப்பு 600 சதுர அடி.

600 ÷ 60 = 10 லிட்டர். ரோலரில், ட்ரேயில் ஒட்டிப் போவதற்கு 10% சேர்த்தால் 11. ஒரு லிட்டரின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால் 1100 ஆக வேண்டியது 2500 ஆகியிருக்கிறது. பலரும் ஜன்னலைக் கழிக்கவில்லை என்றுதான் முதலில் சண்டை போடுகிறார்கள். இந்த ஹாலில் அதன் மதிப்பு ஒன்றரை லிட்டர்கூட இல்லை. கோட்டை இரண்டு தடவை பெருக்கியதில் போனது பத்து லிட்டருக்கு மேல்.

கூலியிலும் இதே வேலை நடந்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியது இரண்டு கோட்டுக்கும் சேர்த்து. பில்லில் அந்த ரேட்டை 1360 சதுர அடிக்குப் போட்டிருந்தார்கள்.

கேட்டபோது வந்த பதில், “சுவர் பெயிண்ட்டைக் குடிச்சிடுச்சு சார்.” பிரைமர் அடிக்காத பட்டி உண்மையாகவே குடிக்கும். ஆனால் இங்கே பிரைமர் அடித்து, அதற்குத் தனியாகக் காசும் வாங்கியிருந்தார்கள். சுவர் குடிப்பதைத் தடுக்கத்தானே அந்தப் பிரைமர்! சொரசொரப்பான சுவர் என்றால் கூடுதலாகப் பிடிக்கும், இது பட்டி பார்த்துத் தேய்த்த வழவழப்பான சுவர். அடர்ந்த மஞ்சள், சிவப்பு போன்றவற்றுக்கு மூன்றாவது கோட் தேவைப்படுவது உண்டு. அப்படியே மூன்று கோட் அடித்திருந்தாலும் 15 லிட்டர், சேதாரத்தோடு 16.5. எப்படிப் பார்த்தாலும் 25 வராது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் 1 மில்லிமீட்டர் கனம் நிற்கும். 10 லிட்டரை இந்தச் சுவரில் இரண்டு கோட்டாக அடித்தால் ஈரத்தில் ஒவ்வொரு கோட்டும் சுமார் 90 மைக்ரான், ரோலருக்கு இயல்பான கனம். 25 லிட்டரும் இரண்டு கோட்டில் ஏறியிருந்தால் ஒவ்வொன்றும் 220 மைக்ரானுக்கு மேல் இருந்திருக்கும். அவ்வளவு கனத்தில் செங்குத்துச் சுவரில் எமல்ஷன் நிற்பது கஷ்டம், அங்கங்கே கண்ணீர்க்கோடாக வழிந்திருக்கும். இந்தச் சுவர்களில் ஒரு வழிசல்கூட இல்லை.

மீதி எங்கே போனது என்பதை வாளியே சொன்னது. பில்லில் இருந்தது 20 லிட்டர் வாளி ஒன்று, 4 லிட்டர் ஒன்று, 1 லிட்டர் ஒன்று. வேலை முடிந்ததும் பின்பக்கம் காலி வாளியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முதல் நாள் ஒரு கோட் அடித்து இரவு முழுக்க வைத்திருந்ததில் வாளியின் உள்பக்கம் பெயிண்ட் காய்ந்து ஒரு வளையம் விழுந்திருந்தது, முக்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. நாலு சுவருக்கும் முதல் கோட் ஐந்து, ஐந்தரை லிட்டரில் முடிந்திருக்கிறது. இரண்டாவது கோட்டுக்கும் அவ்வளவுதான் போயிருக்கும். சின்ன டப்பா இரண்டின் காலிகூட வீட்டில் இல்லை.

உங்கள் வேலையில் இதைத் தடுக்க, பெயிண்ட்டை மொத்தமாக இறக்க விடாதீர்கள். முதல் கோட் முழுசாக முடிந்ததும் ஒரு குச்சியை வாளியில் விட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலப்பது தனி வாளியில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குச்சி காட்டும் மட்டம் பொய். முதல் கோட்டின் அளவு தெரிந்தால் மொத்தத் தேவை தெரிந்துவிடும், அதன்பிறகு குறைவதை மட்டும் வாங்கலாம். கலர் கலந்த பெயிண்ட்டைக் கடையில் பொதுவாகத் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம். பின்னால் வாங்குவதில் நிறம் ஒரு இழை மாறலாம். பழைய பெயிண்ட் முழுக்கத் தீரும் முன்பே புதியதை அதோடு கலந்துவிடுங்கள், இல்லையென்றால் மாற்றத்தைச் சுவரின் மூலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்த கான்ட்ராக்ட் என்றால் ஏமாற்று எதிர்த்திசையில் வரும். 11 லிட்டர் போக வேண்டிய இடத்தில் 7 லிட்டரில் தண்ணீரை ஊற்றி இழுப்பார்கள். இரண்டாவது கோட் காய்ந்த பிறகும் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது அடிப்பூச்சு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அதுதான். அங்கேயும் டப்பாவில் உள்ள கவரேஜும் காலி டப்பாக்களின் எண்ணிக்கையும்தான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

கொட்டேஷனில் இப்படி எழுதி வாங்குங்கள்: “கதவு ஜன்னல் கழித்து, உள்மடிப்பு சேர்த்து, அடிக்கும் பரப்பு இத்தனை சதுர அடி. ரேட் 2 கோட்டுக்கும் சேர்த்து. பெயிண்ட் இத்தனை லிட்டர், தண்ணீர் சேர்க்காத அளவு. காலி டப்பாவும் மீதியும் வீட்டிலேயே இருக்கும்.”