படி ஏறுவதா, இறங்குவதா: தொடைக்கு எது பாரம்?

10 மாடி ஏறினால் மூச்சு இரைக்கும். அதே 10 மாடியை இறங்கினால் மூச்சு சீராகவே இருக்கும். ஆனால் பழக்கமில்லாதவருக்குக் கடைசிப் படிகளில் தொடை வெடவெடக்கும், மறுநாள் உட்கார்ந்து எழவே முடியாது.

கணக்குப் பார்த்தால் இரண்டும் சமம். 60 கிலோ எடையுள்ளவர் 30 மீட்டர் ஏறும்போது தசைகள் சுமார் 17,600 ஜூல் வேலை செய்கின்றன. இறங்கும்போது ஏறக்குறைய அதே ஆற்றலைத் தடுத்து உள்வாங்க வேண்டும். இல்லாவிட்டால் உருண்டுதான் போவோம்!

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கிக்கொண்டே முழங்காலை நிமிர்த்துகிறது. உடல் சற்று முன்னால் சாய்வதால் பிட்டத் தசையும் பாரத்தில் பங்கு போடும். பின்கால் கெண்டைச் சதையும் உந்திவிடும். ஆக, கூட்டு வேலை. ஆக்சிஜன்தான் நிறையச் செலவாகும்.

இறங்கும்போது கதை வேறு. ஒரு காலை அடுத்த படிக்கு நீட்டுகிறோம். மேல்படியில் நிற்கும் கால் குதிகாலைத் தூக்கி, முழங்காலை மடித்துக்கொண்டே மொத்த உடலையும் மெல்ல இறக்கி வைக்கிறது. உடம்பு நிமிர்ந்தே இருப்பதால் பிட்டத்தின் உதவி குறைவு. பாரத்தில் பெரும்பங்கு முன்தொடைக்கே. அதுவும் தசை விறைத்துப் பிடித்திருக்க, எடை அதை இழுத்து நீட்டுகிறது. இப்படி நீளும் தசை குறைந்த இழைகளை வைத்தே நிறைய விசையைத் தாங்கிவிடும். மூச்சு வாங்காததற்கு இதுதான் காரணம்.

1952-இல் ஆபட், பிக்லாண்ட், ரிச்சி என்ற உடலியல் ஆய்வாளர்கள் மூவரும் இதை அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை எதிரெதிராக ஒரே சங்கிலியில் இணைத்து, ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அதைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். விசை ஒன்றுதான், ஆனால் தடுப்பவருக்கு ஆன ஆக்சிஜன் செலவு மிகக் குறைவு.

சரி, அவ்வளவு சிக்கனம் என்றால் வலி ஏன்? வேலை செய்யும் இழைகள் குறைவு என்பதால் ஒவ்வொன்றின் தலையிலும் கூடுதல் பாரம் விழுகிறது. விறைத்துப் பிடித்திருக்கும்போதே இழுபடும் இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. அந்த வலி உடனே வராது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஓரிரு வாரம் கழித்து அதே அளவு இறங்கினால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். அதே அளவு ஏறியிருந்தால் இந்த வலி பெரும்பாலும் வந்திருக்காது என்பதால், தொடையைப் பொறுத்தவரை இறங்குவதே கடினம் என்பது என் தீர்ப்பு.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். மறுநாள் இரு தொடைகளின் முன்பக்கமும் பரவலாக வலித்து, அழுத்தினால் நொந்தால் அது தசை. இறங்கிக்கொண்டிருக்கும்போதே முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலித்தால் அது மூட்டுப் பக்கத்துச் சங்கதி; பழகப் பழகச் சரியாகும் என்று தொடர்ந்து இறங்கக் கூடாது.